வட்டம் தெரியக்கூடாது

கட்டடத்துக்கு அடியில் இருக்கும் ஒரு கார் பார்க்கிங். இரவு. கூரையில் ஒரே ஒரு பல்பு, மூன்று மீட்டர் உயரத்தில். நான் முதன்முதலாக லைட்டிங் செய்த கேம் காட்சி இதுதான். தரையில் எண்ணெய்க் கறை, தூணில் மஞ்சள் பெயின்ட், மூலையில் தூசி படிந்த ஸ்கூட்டர் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வைத்திருந்தோம். கேமராவைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தியதும் மொத்தமும் பொய்யாகத் தெரிந்தது. தரையில் காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரு வட்டம். அதற்கு உள்ளே வெளிச்சம், வெளியே கன்னங்கரேல். எதிர்ச் சுவரில் வாழைப்பழம் போல வளைந்த இரண்டு கோடுகள், பல்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

உண்மையான எந்தப் பல்பும் சுவரில் இப்படிக் கோடு போடாது. கேமில் மட்டும் ஏன் போடுகிறது, அதை எப்படி அழிப்பது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் இயற்கை என்ன செய்கிறது என்று பார்ப்போம். பல்பிலிருந்து கிளம்பும் ஒளி நாலாபுறமும் ஒரு கோளம் போல விரிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் கோளத்தின் பரப்பு நான்கு மடங்காகிறது. அதே ஒளி நான்கு மடங்கு இடத்தில் பரவ வேண்டும், அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் கிடைப்பது கால் பங்கு. மூன்று மடங்கு தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. பள்ளிப் புத்தகத்தில் எதிர்த்தகவு இருமடி விதி என்று படித்தது இதுதான். ஒளி இப்படித்தான் குறைகிறது என்று கெப்ளர் 1604-லேயே எழுதிவிட்டார்.

எங்கள் பல்பையே எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் மாட்டும் சாதாரண எல்இடி மாதிரி 800 லூமன். எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதாக வைத்தால், ஒரு மீட்டர் தள்ளி பல்பை நேராகப் பார்த்திருக்கும் காகிதத்தில் சுமார் 64 லக்ஸ் விழும். இரண்டு மீட்டரில் 16, நான்கு மீட்டரில் 4, எட்டு மீட்டரில் 1. பத்து மீட்டரில் 0.64. இருபதில் 0.16. குறைந்துகொண்டே போகும், ஆனால் எந்த இடத்திலும் பூஜ்யம் ஆகாது. கேம் செய்கிறவர்களுக்குத் தலைவலி கொடுப்பது கடைசியாகச் சொன்ன இந்த விஷயம்தான்.

ஏனென்றால் கம்ப்யூட்டருக்கு ‘முடிவே இல்லை’ என்பது கட்டுப்படியாகாது. ஃபுல் எச்டி திரையில் ஏறக்குறைய 20 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. காட்சியில் 200 விளக்குகள் இருந்து, ஒவ்வொரு பிக்சலும் ஒவ்வொரு விளக்கையும் கணக்கில் எடுத்தால் ஒரு ஃபிரேமுக்கு 40 கோடிக் கணக்குகள். அதை நொடிக்கு 60 தடவை செய்ய வேண்டும். அதனால் எல்லா கேம் இன்ஜின்களும் ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு வேலி போடுகின்றன. வேலிக்கு உள்ளே இருக்கும் பிக்சல்கள் மட்டும் அந்த விளக்கைக் கணக்கிட்டால் போதும், மற்றவை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அன்ரியல் இன்ஜினில் இந்த வேலிக்குப் பெயர் Attenuation Radius. யூனிட்டியிலும் கோடாட்டிலும் Range. எங்கள் காட்சியில் அது பத்து மீட்டரில் நின்றிருந்தது.

வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒளி 0.01 லக்ஸுக்குக் குறையும் இடத்தில்தான் வெட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தால், ஒரு வீட்டுப் பல்புக்கே 80 மீட்டர் வேலி தேவைப்படுகிறது. பார்க்கிங்கில் இருக்கும் பல்பு ஒவ்வொன்றுக்கும் 80 மீட்டர் கொடுத்தால் எல்லாமே ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, வேலி போட்டதற்கே பொருள் இல்லாமல் போய்விடும். ஆக வெட்டத்தான் வேண்டும். எப்படி வெட்டுவது என்பதுதான் கேள்வி.

எங்கள் வட்டம் ஏன் அவ்வளவு கொடூரமாகத் தெரிந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. எதிர்ச் சுவர் பல்பிலிருந்து ஒன்பது மீட்டர். பத்து மீட்டர் வேலி அந்தச் சுவரைத் தொடும் இடத்தில், ஒளி சற்றுச் சாய்வாக விழுவதையும் சேர்த்துப் பார்த்தால், 0.57 லக்ஸ் இருக்கிறது. அரை லக்ஸ் என்பது சொற்பம்தான். ஆனால் இருட்டான காட்சியில் கேமராவின் எக்ஸ்போஷரைத் தூக்கி வைத்திருப்போம். 2 லக்ஸ் விழும் இடம் நடுத்தரச் சாம்பல் நிறமாகத் தெரிகிற மாதிரி வைத்தால், அந்த 0.57 லக்ஸ் திரையில் 255-க்கு 64 என்ற அளவில் வந்து நிற்கும். அதற்கு அடுத்த பிக்சல் பூஜ்யம். 64-க்குப் பக்கத்திலேயே 0 இருந்தால் யார் கண்ணுக்கும் தெரியும். தரையில் ஒளி மிகச் சரிந்து விழுவதால் அங்கே 35-லிருந்து 0. அதனால்தான் தரையை விடச் சுவரில் கோடு பளிச்சென்று தெரிந்தது. விளிம்பு தெரிகிறதா என்று சோதிக்கத் தரையை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவதும் இதனால்தான். பல்பை நேராகப் பார்க்கிற சுவரையும் தூணையும் பார்க்க வேண்டும்.

முன்னால் இருந்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? பெரும்பாலும் இயற்கை விதியைத் தொடாமலே. 1992-இல் வந்த ஓப்பன்ஜிஎல் மூன்று எண்களைக் கொடுத்தது. ஒன்று தூரத்தையே கண்டுகொள்ளாதது, ஒன்று தூரத்தோடு நேராகக் குறைப்பது, மூன்றாவது தூரத்தின் வர்க்கத்தோடு குறைப்பது. எதையும் மாற்றாமல் விட்டால் ஒளி தூரத்தால் குறையவே குறையாது. இன்னும் பல இன்ஜின்கள் விளக்கில் 1, வேலியில் 0, நடுவே ஓவியரின் விருப்பத்துக்கு ஒரு வளைவு என்று வைத்தன. இயற்பியல் தெரிந்தவர்கள் வர்க்க விதியைப் போட்டுக் காட்டினால் ஓவியர்கள் முகம் சுளித்தார்கள். பல்புக்கு அருகில் வெள்ளையாக எரிகிறது, இரண்டு அடி தள்ளினால் ஒன்றுமே இல்லை, இது எந்த ஊர் விளக்கு என்று கேட்டார்கள்.

ஓவியர்களின் கண் பொய் சொல்லவில்லை. தவறு வேறு இடத்தில் இருந்தது. திரைக்கு அனுப்பும் எண்ணும் திரை உமிழும் ஒளியும் ஒன்றல்ல. பாதி எண்ணை அனுப்பினால் பாதி ஒளி வராது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வரும். காமா என்று சொல்வது இதைத்தான். அந்தக் கால கேம்கள் இதைத் திருத்தாமல் ஒளிக் கணக்கையே திரை எண்ணாக அனுப்பின. வர்க்க விதிப்படி இரு மடங்கு தூரத்தில் கால் பங்கு என்று அனுப்பினால், திரை அதை இன்னொரு தடவை நசுக்கி 21-இல் ஒரு பங்காகக் காட்டியது. அதே இடத்தில் ஓவியர் தன் கண்ணை நம்பி, தூரத்தோடு நேராகக் குறையட்டும் என்று பாதியை அனுப்பினால், திரை அதைக் கிட்டத்தட்ட நாலரையில் ஒரு பங்காகக் காட்டியது. இயற்கை சொல்வது நாலில் ஒன்று! விதிக்கு அருகில் போய்ச் சேர்ந்தது விதியை மீறிய ஓவியர்தான். இதைப் படித்துப் புரிந்துகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இன்று பெரும்பாலான இன்ஜின்கள் கணக்கை உண்மையான ஒளி அளவில் செய்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை திரைக்கு மாற்றுகின்றன. அதனால் வர்க்க விதி இப்போது கண்ணுக்கும் சரியாக இருக்கிறது. வேலிப் பிரச்சினை மட்டும் அப்படியே நிற்கிறது.

விளிம்பை மறைக்க முதலில் தோன்றும் வழி, கடைசி இரண்டு மீட்டரில் ஒளியை நேர்கோடாகப் பூஜ்யத்துக்கு இறக்குவது. நானும் அதைத்தான் செய்தேன். திடீர் வெட்டு போய்விட்டது, ஆனால் சுவரில் மெல்லிய வளையம் ஒன்று இன்னும் தெரிந்தது. எண்களைப் பார்த்தால் எங்கேயும் தாவல் இல்லை. கண் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

காரணத்தை எர்ன்ஸ்ட் மாஹ் என்ற இயற்பியலாளர் 1865-இல் விளக்கியிருக்கிறார். நம் கண் வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, அளவு மாறும் வேகம் சட்டென்று திரும்பும் இடத்தையும் பிடித்துவிடுகிறது. சரிந்துகொண்டே வரும் ஒளி ஓரிடத்தில் சரிவை நிறுத்தித் தட்டையானால், அந்த முறிவில் இல்லாத ஒரு கோட்டைக் கண் தானே வரைந்துகொள்கிறது. நேர்கோட்டு மங்கலில் அப்படி இரண்டு முறிவுகள் உண்டு, மங்கத் தொடங்கும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று. ஆக, வேலியில் ஒளி பூஜ்யமானால் மட்டும் போதாது. அதன் சரிவும் அங்கே பூஜ்யமாக வேண்டும். மலையிலிருந்து இறங்கும் பாதை சமவெளியைத் தொடும்போது எங்கே மலை முடிந்தது என்று காலுக்குத் தெரியாத மாதிரி இறங்க வேண்டும்.

இதற்கு அழகான ஒரு வழியை 2013-இல் சிக்ராஃப் மாநாட்டில் அன்ரியல் இன்ஜினைச் சேர்ந்த பிரையன் காரிஸ் சொன்னார். வர்க்க விதியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு ஜன்னலைப் பெருக்குவது. விளக்குக்கு அருகில் ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கும், வேலிக்குப் போகப் போகத் தானாக மூடிக்கொள்ளும். அடுத்த ஆண்டு ஃப்ராஸ்ட்பைட் இன்ஜின் குழு வெளியிட்ட விளக்கத்திலும் இதே ஜன்னல்தான். இன்றைய கோடாட்டிலும் யூனிட்டியின் யுஆர்பியிலும்கூட இதைப் பார்க்கலாம். ஷேடரில் மூன்று வரி:

```
float x = d / r;
float w = saturate(1.0 - x*x*x*x);
float E = I * w*w / max(d*d, 0.0001);
```

இங்கே d என்பது விளக்கிலிருந்து தூரம், r வேலி, I விளக்கின் வலிமை. தூரத்தை வேலியால் வகுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்துவதில்தான் சூட்சுமம். சின்ன எண்ணை நான்கு தடவை பெருக்கினால் இன்னும் சின்னதாகிவிடும், அதனால் உள்பக்கத்தில் ஜன்னல் ஒளியைத் தொடுவதே இல்லை. எங்கள் பத்து மீட்டர் வேலியில், இரண்டரை மீட்டரில் இழப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஐந்து மீட்டரில் 12 சதவீதம். எட்டு மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. ஒன்பதில் மிஞ்சுவது 12 சதவீதம்தான். விளக்கைச் சுற்றி நாம் உற்றுப் பார்க்கும் பாதித் தூரம்வரை இயற்கை, அதற்கு அப்பால் நாசூக்கான ஏமாற்று.

இரண்டாம் வரியில் வந்த w-ஐ மூன்றாம் வரியில் இன்னொரு தடவை பெருக்குகிறோமே, அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சரிவைப் பூஜ்யமாக்குவது அந்தப் பெருக்கல்தான். அதை விட்டுவிட்டால் ஒளி வேலியில் பூஜ்யமாகும், ஆனால் செங்குத்தாகப் போய் மோதும். வேலிக்கு அரை மீட்டர் முன்னால், 9.5 மீட்டரில், அதே எக்ஸ்போஷரில் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஒரு தடவை மட்டும் பெருக்கினால் திரையில் 28 இருக்கிறது, அரை மீட்டருக்குள் அது 0-க்கு விழ வேண்டும். இரண்டு தடவை பெருக்கினால் அங்கே 7-தான். ஏழிலிருந்து பூஜ்யத்துக்கு அரை மீட்டர் என்பது யாரும் கவனிக்காத இறக்கம். 3டி மாடல்களைப் பரிமாறிக்கொள்ளும் ஜிஎல்டிஎஃப் வடிவத்தின் விளக்கு விதியில் இந்த இரண்டாவது பெருக்கல் இல்லை. அங்கே எடுத்த காட்சியை இருட்டில் காட்டும்போது மெல்லிய வளையம் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது.

மூன்றாம் வரியில் உள்ள max வேறொரு முனையைக் காக்கிறது. தூரம் பூஜ்யத்தை நெருங்கினால் வர்க்க விதி முடிவில்லாத எண்ணைக் கொடுக்கும், சுவரை ஒட்டி வைத்த விளக்கு வெள்ளைப் புள்ளியாக வெடிக்கும். உண்மைப் பல்புக்கு உருவம் இருக்கிறது, அதன் நடுவுக்குள் யாரும் போக முடியாது. அதனால் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே தூரத்தைக் குறையவிடாமல் பிடித்துக்கொள்கிறோம். காரிஸ் இதற்கே தூரத்தின் வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டியிருந்தார். பலரும் தடுக்கி விழுந்த இடம் அது. அன்ரியலில் அளவு சென்டிமீட்டர், அங்கே 1 என்பது ஒன்றுமே இல்லாத எண். மீட்டரில் கணக்கிடும் இன்ஜினுக்கு அதே வரியை எடுத்துப்போனால், ஒரு மீட்டர் தூரத்தில் விளக்கு பாதியாகிவிடும். விளிம்பு சரியாக இருக்கும், ஆனால் அருகில் உள்ள எல்லாம் சோகையாகத் தெரியும், ஏன் என்று புரியாமல் விளக்கின் வலிமையை ஏற்றிக்கொண்டே இருப்போம்.

வலிமையை ஏற்றுவது என்றதும் இன்னொன்று. பழைய வளைவுகளில் வேலியைத் தள்ளினால் விளக்கே பிரகாசமாகும், ஏனென்றால் மொத்த வளைவும் ரப்பர் மாதிரி இழுபடும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை, வெளிச்சம் போதவில்லை என்றால் முதலில் வேலியைத்தான் இழுக்கும். வர்க்க விதியில் அதனால் விளக்கின் அருகே ஏறக்குறைய எதுவும் மாறாது, செலவு மட்டும் ஏறும். தலைகீழாகவும் நடக்கும். வலிமையைப் பத்து மடங்காக்கிவிட்டு வேலியை அதே இடத்தில் விட்டால், ஜன்னல் மூடவேண்டிய ஒளி பத்து மடங்காகிறது. மங்கல் முழுக்கக் கடைசி இரண்டு மீட்டருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கும், வட்டம் மறுபடி எட்டிப்பார்க்கும். பத்து மடங்கு வலிமைக்கு வேலி மூன்று மடங்குக்குச் சற்று மேல் நகர வேண்டும்.

இத்தனை செய்தும் விளிம்பு தெரிந்தால், பிழை பெரும்பாலும் சூத்திரத்தில் இல்லை. ஒருமுறை எங்கள் வட்டம் வட்டமாகவே இல்லை, பல பட்டைகளாக வெட்டிய வைரம் மாதிரி இருந்தது. எந்தப் பிக்சல்களுக்கு அந்த விளக்கு வேண்டும் என்று குறிக்க, இன்ஜின் ஒரு கோள வடிவ மாடலைத் திரையில் வரைகிறது. சில தட்டைப் பட்டைகளால் ஆன கோளம் அது. மூலைகள் வேலியைத் தொட்டாலும் பட்டைகளின் நடுப்பகுதி வேலிக்கு உள்ளேயே நின்றுவிடும், ஜன்னல் மூடி முடிப்பதற்கு முன்பே ஒளி வெட்டுப்படும். மாடலைச் சற்றுப் பெரிதாக்கிப் பட்டைகளையும் வேலிக்கு வெளியே தள்ளினோம், சரியாகிவிட்டது. இன்னொரு இடம் ஈரத் தரை. சொரசொரப்பான சிமென்டில் காணாமல் போகும் மிச்ச ஒளி, நனைந்த தரையின் பளபளப்பில் பல மடங்கு பிரகாசமாகத் தெரியும். நடந்துகொண்டே இருக்கும்போது தரையில் மின்னிய பல்பின் பிம்பம் வேலியைத் தாண்டும் இடத்தில் மறைந்துபோகும். மழை பெய்யும் காட்சி என்றால் வேலியைத் தாராளமாகவே வைக்க வேண்டியிருக்கிறது.

சோதிக்கிற முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் குழுவில் மூத்த லைட்டிங் ஓவியர். என் பார்க்கிங் காட்சியைப் பார்த்துவிட்டுக் கோபப்படாமல் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மத்த லைட்டையெல்லாம் அணைச்சிரு தம்பி. எல்லா மெட்டீரியலையும் வெறும் சாம்பலாக்கு. இப்ப எக்ஸ்போஷரை நாலு ஸ்டாப் ஏத்து.”

“ஏத்திட்டேன் அண்ணா. சுவர் வெளுத்துப்போச்சு.”

“வெளுக்கட்டும். ஓரத்தைப் பாரு. லைட்டைக் கையில பிடிச்சு மெதுவா முன்னயும் பின்னயும் இழு. நிக்கிற கோடு கண்ணுக்குத் தப்பிச்சிரும், நகர்ற கோடு தப்பிக்காது.”

நான்கு ஸ்டாப் என்றால் பதினாறு மடங்கு வெளிச்சம். கேமில் ஆட்டக்காரர் இருட்டுக்குள் போகும்போது தானியங்கி எக்ஸ்போஷர் இதைப்போலத்தான் ஏறும். மேசையில் தெரியாத விளிம்பு அவர் வீட்டில் தெரிவதும் அதனால்தான்.

அன்று விளக்கை இழுத்துப் பார்த்ததில், பத்து மீட்டரில் ஜன்னல் போட்ட பிறகும் சுவரின் வெளிச்சம் கொஞ்சம் அவசரமாக முடிந்ததாகத் தோன்றியது. வேலியைப் பதினாறு மீட்டருக்கு நகர்த்தினோம். பழைய விளிம்பு இருந்த பத்தாவது மீட்டரில் இப்போது இயற்கை அளவில் 70 சதவீதத்துக்கு மேல் ஒளி இருந்தது, பதினான்காவது மீட்டரில் 0.06 லக்ஸ்கூட இல்லை. இடையில் எங்கே முடிந்தது என்று இருவராலும் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. தரையில் அந்த விளக்கு ஆளும் பரப்பு இரண்டரை மடங்குக்கு மேல் ஆகியிருந்தது, அந்தச் செலவை ஈடுகட்ட ஸ்கூட்டருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருந்த இரண்டு சின்ன விளக்குகளை அணைத்தோம்.